ராமானுஜனின் கடைசிக் கடிதத்தில் ஒரு வட்டம்

1920 ஜனவரி 12. சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு ராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். அதற்கு மூன்றரை மாதம் கழித்து, ஏப்ரல் 26 அன்று, சேத்துப்பட்டில் அவர் காலமானார். வயது 32.

இந்தக் கடிதத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். "சாகும் தறுவாயிலும் கணக்கு எழுதினார்", "உலகத்துக்கே புரியாத சூத்திரம்" என்றெல்லாம் படித்திருப்போம். ஆனால் கடிதத்துக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நரோசா பதிப்பகம் 1988-ல் வெளியிட்ட புகைப்பட நகல் புத்தகத்தில் அந்தப் பக்கங்களை அவருடைய கையெழுத்திலேயே பார்க்கலாம். முதல் பார்வைக்கு மிரட்டும். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் q = 1, q³ = 1, q⁵ = 1 என்று ஒரு வரிசையும், q = -1, q³ = -1, q⁵ = -1 என்று இன்னொரு வரிசையும், q² = -1, q⁴ = -1, q⁶ = -1 என்று மூன்றாவது வரிசையும் கண்ணில் படும்.

இவை +2 கணக்குப் புத்தகத்தில் கலப்பெண் பாடத்தில் வரும் அதே சமாச்சாரம்தான்: ஒன்றின் படிமூலங்கள். வட்டத்தின் மேல் சம இடைவெளியில் உட்கார்ந்திருக்கும் புள்ளிகள். அந்தக் கடிதத்தின் முக்கியமான கேள்வி முழுவதும் இந்தப் புள்ளிகளைச் சுற்றியே நடக்கிறது. அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எங்கே எழுதப்பட்டது, என்ன சொல்கிறது, எப்போது பதில் கிடைத்தது என்று பார்ப்போம்.

லஸ் சர்ச் ரோடிலிருந்து சேத்துப்பட்டு வரை

இங்கிலாந்தில் ஐந்து வருடம் இருந்துவிட்டு 1919 ஏப்ரல் 2 அன்று ராமானுஜன் சென்னை வந்து சேர்ந்தார். அதற்குள் அவர் எஃப்.ஆர்.எஸ். ஆகிவிட்டார், டிரினிடி கல்லூரியின் ஃபெலோ ஆகிவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் ஐந்து வருடத்துக்கு வருடம் 250 பவுண்டு உதவித்தொகை தர முன்வந்திருந்தது. 1912-ல் துறைமுகக் கழக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தாவாகச் சேர்ந்தவருக்கு இது எவ்வளவு பெரிய ஏற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை. உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. அன்றைய டாக்டர்கள் காசநோய் என்றார்கள். 1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார்.

வந்த புதிதில் சுமார் மூன்று மாதம் மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோடில் 'வெங்கட விலாஸ்' என்ற பங்களாவில் தங்கியிருந்தார். இன்று நாகேஸ்வரராவ் பார்க் இருக்கும் அதே ரோடு. வெயில் தாங்காமல் காவிரிக்கரையில் கொடுமுடிக்குப் போனார். பிறகு சொந்த ஊரான கும்பகோணம். நோய் முற்றியதும் 1920 தொடக்கத்தில் மறுபடி சென்னை, இந்த முறை சேத்துப்பட்டு. ஹாரிங்டன் ரோடில் 'கோமேத்ரா' என்ற வீட்டில்தான் உயிர் பிரிந்தது. இறப்பதற்கு நான்கு நாள் முன்பு வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று மனைவி ஜானகி அம்மாள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்த மாதங்களில் அவர் போட்டுக்கொண்டிருந்த கணக்கு எது? அதைப் புரிந்துகொள்ள முதலில் வட்டத்துக்குப் போக வேண்டும்.

ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால்...

கலப்பெண் என்பது தளத்தில் ஒரு புள்ளி. மையத்திலிருந்து அதன் தூரத்தை மட்டு என்றும், கிழக்குத் திசையிலிருந்து அது திரும்பியிருக்கும் கோணத்தை வீச்சு என்றும் பாடப்புத்தகம் சொல்லும். இரண்டு கலப்பெண்களைப் பெருக்கினால் மட்டுகள் பெருகும், கோணங்கள் கூடும். டி மாய்வர் தேற்றத்தின் சாரம் இவ்வளவுதான்.

இப்போது 60 டிகிரியில் இருக்கும் ஒரு எண்ணை எடுத்து அதன் அடுக்குகளைப் போட்டுக்கொண்டே போவோம். மட்டு 1-ஐ விடக் குறைவாக, 0.9 என்று இருந்தால், ஒவ்வொரு அடுக்கும் 60 டிகிரி திரும்பிக்கொண்டே உள்ளே சுருளும், கடைசியில் மையத்தில் போய் விழும். மட்டு 1-ஐ விட அதிகம் என்றால் வெளியே சுருண்டு ஓடிவிடும். மட்டு சரியாக 1 என்றால்? உள்ளேயும் போகாது, வெளியேயும் போகாது. வட்டத்தின் மேலேயே 60, 120, 180, 240, 300 என்று நடந்து ஆறாவது அடியில் 1-க்கே திரும்பி வந்துவிடும். இந்த ஆறு இடங்களும்தான் ஒன்றின் ஆறாம் படிமூலங்கள். சேர்த்தால் ஒழுங்கான அறுகோணம்.

ஒரு சின்ன விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். ஆறு பேரும் 'ஆறாம் படிமூலம்' என்றாலும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. 120 டிகிரியில் இருப்பவர் மூன்றே அடியில் வீடு திரும்பிவிடுவார். 180 டிகிரியில் இருப்பவர் (அதாவது -1) இரண்டே அடியில். 60-ம் 300-ம் மட்டும்தான் ஆறு அடி எடுக்கும். முதல்முறை 1-க்குத் திரும்ப எத்தனை அடி ஆகிறதோ அதைச் 'சுற்று எண்' என்று வைத்துக்கொள்வோம். அறுகோணத்தைச் சுற்றி வந்தால் சுற்று எண்கள் 1, 6, 3, 2, 3, 6. ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வருகிறது பாருங்கள். கடிதத்தின் மர்மத்தில் பாதி இந்த ஒற்றை-இரட்டையில் இருக்கிறது.

ராமானுஜனுக்கு இதெல்லாம் பள்ளி வயதிலேயே பழக்கம். கும்பகோணத்தில் லோனியின் திரிகோணமிதி புத்தகத்தை 13 வயதில் கரைத்துக் குடித்தவர். கோணத்தையும் அடுக்கையும் இணைக்கும் ஆய்லரின் சூத்திரங்களை அந்த வயதில் தானே கண்டுபிடித்து, பிறகு அது ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிந்தது என்று அறிந்ததும், எழுதிய தாளை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தார் என்று ஒரு செய்தி உண்டு. அந்த வட்டம் கடைசிவரை அவரை விடவில்லை.

வட்டத்தின் விளிம்பில் ஏன் நிற்க வேண்டும்?

1918-ல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதே கேள்வி. 4-ஐ எடுத்தால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 விதம். 100-க்கு 19,05,69,292 விதம்! இதை ஒவ்வொன்றாக எண்ணாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

அவர்கள் செய்த தந்திரம் இது. எல்லா விடைகளையும் ஒரே தொடரில் கோர்த்து, q என்ற கலப்பெண்ணின் சார்பாக மாற்றினார்கள்:

1 / [(1-q)(1-q²)(1-q³)(1-q⁴)...]

q வட்டத்துக்குள் இருக்கும் வரை இது ஒழுங்காக நடந்துகொள்ளும். q விளிம்பில் ஒரு படிமூலத்தை நெருங்கினால் பகுதியில் இருக்கும் காரணிகள் பூஜ்யத்துக்குப் போகும், சார்பு வெடிக்கும். சுற்று எண் 3 உள்ள புள்ளி என்றால் q³, q⁶, q⁹ எல்லாமே 1 ஆகும், ஆக மூன்றில் ஒரு காரணி பூஜ்யம். வெடிப்பு மிகப் பெரியது 1-ல். அடுத்தது -1-ல். பிறகு கனமூலங்களில். இப்படி ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெடிக்கிறது என்று அளந்து கூட்டினால் பிரிவினை எண்ணிக்கை கிடைத்துவிடுகிறது. 200-க்கு உரிய விடை 39,72,99,90,29,388 என்று மக்மஹன் கையால் போட்ட கணக்கோடு இது ஒத்துப்போனது.

ஆகவே விளிம்பில் எங்கே, எவ்வளவு வெடிக்கிறது என்பது ராமானுஜனுக்கு வெறும் வேடிக்கை இல்லை. அது தெரிந்தால் உள்ளே இருக்கும் எண்கள் தெரியும்.

இந்த மாதிரி வெடிப்புகளைத் துல்லியமாக அளக்க முடிவதற்குக் காரணம், இந்தச் சார்புகள் தீட்டா சார்புகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1 - 2q + 2q⁴ - 2q⁹ + ... என்று அடுக்குகளில் வர்க்க எண்களாக வரும் தொடர்கள் இந்தக் குடும்பத்து ஆட்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜேக்கோபி இவற்றின் குணத்தை விலாவாரியாக எழுதி வைத்துவிட்டார். ராமானுஜன் கேட்டது வேறு கேள்வி. தீட்டா மாதிரியே வெடிக்கும், ஆனால் தீட்டா குடும்பத்தில் சேராத சார்பு ஏதாவது உண்டா?

கடிதத்தின் கதாநாயகன்

உண்டு என்றார். 17 உதாரணம் கொடுத்தார். அவற்றுக்கு 'மாக் தீட்டா' என்று பெயரும் வைத்தார், போலி தீட்டா என்று சொல்லலாம். முதல் உதாரணம் இது:

f(q) = 1 + q/(1+q)² + q⁴/[(1+q)²(1+q²)²] + q⁹/[(1+q)²(1+q²)²(1+q³)²] + ...

தொகுதியில் வர்க்க அடுக்குகள். பகுதியில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காரணி கூடிக்கொண்டே போகிறது. இது விளிம்பில் எங்கே வெடிக்கும்? பகுதி பூஜ்யமாகும் இடத்தில், அதாவது q-வின் ஏதாவது ஒரு அடுக்கு -1 ஆகும் இடத்தில்.

இங்கேதான் ஒற்றை-இரட்டை வருகிறது. சுற்று எண் 6 என்றால் மூன்றாவது அடியில் பாதி வட்டம் கடந்து -1-ஐ மிதித்தே ஆக வேண்டும். சுற்று எண் 3 என்றால்? 120, 240, 360. -1 இருக்கும் 180-ஐத் தொடவே முடியாது, தாண்டித்தான் போகும். ஆக இரட்டைச் சுற்று எண் உள்ள புள்ளிகளில் ஆபத்து, ஒற்றையில் ஆபத்தில்லை. மேலே பார்த்த அறுகோணத்தில் ஒன்று விட்டு ஒன்று கண்ணிவெடி என்று வைத்துக்கொள்ளலாம்.

q = 1, q³ = 1, q⁵ = 1 ஆகிய இடங்களில் f கட்டுக்குள் இருக்கும், அது வெளிப்படை என்று ராமானுஜன் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அவருக்கு வெளிப்படை! நாம் போட்டுப் பார்ப்போம்.

q = 1 என்றால் எல்லாக் காரணியும் (1+1)² = 4. தொடர் 1 + 1/4 + 1/16 + ... = 4/3. சுலபம்.

அடுத்து 120 டிகிரியில் இருக்கும் கனமூலம், புத்தகத்தில் ω என்று எழுதுவோமே அது. 1 + ω + ω² = 0 என்பது தெரிந்ததே. ஆகவே 1+ω = -ω², அதன் வர்க்கம் ω⁴ = ω. அதே மாதிரி (1+ω²)² = ω². (1+ω³)² = 4. இதை வைத்து உறுப்புகளைப் போட்டால்:

முதல் மூன்று உறுப்புகள்: 1, 1, ω
அடுத்த மூன்று: 1/4, 1/4, ω/4
அதற்கடுத்த மூன்று: 1/16, 1/16, ω/16

மூன்று மூன்றாகக் கூட்டினால் (2 + ω)(1 + 1/4 + 1/16 + ...) = (2 + ω) × 4/3. அதே 4/3 மறுபடியும் எட்டிப் பார்க்கிறது! ஐந்தாம் படிமூலம் எடுத்தாலும் ஐந்து உறுப்புக்கு ஒருமுறை பகுதி நான்கு மடங்காகும். எந்த ஒற்றை எண்ணாக இருந்தாலும் ஒரு முழுச் சுற்றின் பெருக்கல் 4 தான். 'வெளிப்படை' என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் இதுதான்.

வெடிக்கும் இடத்தில் ஒரு ஆச்சரியம்

இப்போது ஆபத்தான பக்கம். மிகச் சின்ன உதாரணம் q = -1. முதல் பகுதியே (1-1)² = 0. நேராக -1-ஐப் போட முடியாது, உள்ளேயிருந்து மெதுவாக நெருங்கித்தான் போக வேண்டும்.

ராமானுஜன் சொன்னது: f தனியாக இங்கே வெடிக்கும். ஆனால் அதோடு ஒரு தீட்டா வகைச் சார்பைக் கூட்டினால் வெடிப்பு அடங்கிவிடும். அந்தச் சார்பு:

b(q) = (1-q)(1-q³)(1-q⁵)... × (1 - 2q + 2q⁴ - 2q⁹ + ...)

கையால் முயன்று பார்க்கலாம். q = -0.5 என்றால் f = 1 - 2 + 0.16 - 0.0065 + ..., அதாவது சுமார் -0.85. b-யில் பெருக்கல் பகுதி 1.758, கூட்டல் பகுதி 2.129, பெருக்கினால் 3.74. இரண்டையும் கூட்டினால் 2.90. இன்னும் நெருங்கிப் போனால்:

q = -0.5 : f = -0.85, b = 3.74, கூட்டல் = 2.90
q = -0.9 : f = -265.74, b = 269.42, கூட்டல் = 3.68

0.9-க்குக் கால்குலேட்டரில் போடும்போது ஒரு எச்சரிக்கை. நாலைந்து உறுப்போடு நிறுத்தினால் விடை தப்பாகிவிடும். மூன்றாம் அடுக்கின் உறுப்பு மட்டும் -161, அதன் பிறகும் 28, -65, 9, -8 என்று வந்துகொண்டே இருக்கும். பத்து உறுப்புக்கு மேல் போட்டால்தான் எண் நிலைக்கும்.

-0.994 வரை போனால் f-ன் அளவு 1-க்குப் பின்னால் 31 பூஜ்யம் போட்ட எண்ணைத் தாண்டிவிடுகிறது, மைனஸ் குறியோடு. b-யும் கிட்டத்தட்ட அதே அளவு, ப்ளஸ் குறியோடு. இரண்டு பிரம்மாண்டமான எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மிஞ்சுவது 4-க்குச் சற்றுக் குறைவாக ஒரு சின்ன எண். சாதாரண கால்குலேட்டர் இங்கே கைவிரித்துவிடும். 31 இலக்கம் அடிபட்ட பிறகு மிஞ்சுவதைப் பார்க்க 35 இலக்கமாவது துல்லியம் வேண்டும். ராமானுஜன் இதை எண்களைப் போட்டுப் பார்த்துச் சொல்லவில்லை. இரு சார்புகளும் எந்த வேகத்தில் வளர்கின்றன என்று பார்த்துச் சொன்னார்.

ஆனால் ஒரு சிக்கல்

"அப்படியானால் f என்பது -b தானே, கூடவே ஏதோ ஒரு சின்ன ஒழுங்கான துண்டு, அவ்வளவுதானே? பிறகு என்ன போலி தீட்டா?" என்று கேட்கத் தோன்றும். இந்த இடத்துக்குத்தான் அந்த மூன்றாவது வரிசை: q² = -1, q⁴ = -1, q⁶ = -1.

q² = -1 என்றால் q = i அல்லது -i. சுற்று எண் 4. இங்கேயும் f வெடிக்கிறது, b-யும் வெடிக்கிறது. ஆனால் இங்கே கூட்டினால் அடங்காது, கழித்தால்தான் அடங்கும்! சுற்று எண்ணைப் பாதியாக்கினால் ஒற்றை எண் வரும் புள்ளிகளில் (2, 6, 10...) f + b. பாதி இரட்டை எண்ணாக வரும் புள்ளிகளில் (4, 8, 12...) f - b. ஒற்றைச் சுற்று எண் உள்ள புள்ளிகளில் எதுவுமே தேவையில்லை.

அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் f ஒரு தீட்டாவைப் போல வேஷம் போடுகிறது, ஆனால் எல்லாப் புள்ளியிலும் ஒரே வேஷம் இல்லை. போலி தீட்டாவுக்கு ராமானுஜன் தந்த வரையறையே இதுதான். ஒவ்வொரு படிமூலத்திலும் வெடிப்பை அடக்க ஏதாவது ஒரு தீட்டா கிடைக்க வேண்டும், ஆனால் எல்லா இடத்திலும் அடக்க ஒரே தீட்டா கிடைக்கக் கூடாது.

b ஒத்துவரவில்லை, சரி. வேறு ஏதாவது ஒரு தீட்டா எல்லா இடத்திலும் ஒத்துவரலாமே? அப்படி இருக்க முடியாது என்று நம்புவதாகவும், ஆனால் கறாராக நிரூபிக்கவில்லை என்றும் ராமானுஜனே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். நிரூபணம் பற்றி அக்கறையில்லாதவர் என்று அவரைச் சொல்பவர்கள் இந்த வரியைக் கவனிக்க வேண்டும். எது தெரியும், எது தெரியாது என்ற கோடு அவருக்குத் தெளிவாகவே இருந்தது.

தாள்கள் போன வழி

ராமானுஜன் மறைந்த பிறகு அவர் எழுதி வைத்திருந்த தாள்களை ஜானகி அம்மாள் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். 1923-ல் பதிவாளர் டியூஸ்பரி ஒரு கட்டை ஹார்டிக்கு அனுப்பினார். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட உதிரித் தாள்களும் இருந்தன என்று கருதப்படுகிறது. ஹார்டியிடமிருந்து அவை பர்மிங்காம் பேராசிரியர் ஜி.என். வாட்சனிடம் போயின.

வாட்சன் கடிதத்தில் இருந்த போலி தீட்டாக்களைக் கையில் எடுத்து, 1935-ல் லண்டன் கணிதக் கழகத்தில் தலைமையுரையாகவே இதைப் பேசினார். f போன்ற சார்புகள் விளிம்பில் நடந்துகொள்ளும் விதம் ராமானுஜன் சொன்னபடியே இருக்கிறது என்று காட்டினார். ஆனால் 'ஒரே தீட்டா போதாது' என்ற கேள்வி முழுமையாக முடியவில்லை.

1965-ல் வாட்சன் இறந்த பிறகு அவர் வீட்டில் கிடந்த காகிதக் குவியலிலிருந்து ராமானுஜன் தாள்கள் மீட்கப்பட்டு, டிரினிடி கல்லூரியின் ரென் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே பெட்டிக்குள் சத்தமில்லாமல் இருந்தவற்றை 1976-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டார். போலி தீட்டாவில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர், பார்த்ததும் என்னவென்று புரிந்துவிட்டது. கடைசி வருடத்துக் கணக்குகள்! 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று பெயர் பெற்றது இதுதான். நூற்றாண்டை ஒட்டி நரோசா இதைப் புகைப்பட நகலாக வெளியிட்டபோது, ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தின் பக்கங்களும் அதே புத்தகத்தில் சேர்ந்தன. அச்சுக் கோர்த்தால் பிழை வரும், அடித்தல் திருத்தல் தெரியாது. புகைப்படத்தில் அவர் எழுதியது எழுதியபடியே இருக்கிறது.

விடை

2002-ல் சாண்டர் ஸ்வேகர்ஸ் என்ற டச்சு மாணவர் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்வில், போலி தீட்டா ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு பெரிய சார்பின் பாதி என்று காட்டினார். விடுபட்ட மறுபாதியைச் சேர்த்தால் அதுவும் தீட்டா குடும்பத்தின் சமச்சீர் விதிகளுக்குக் கட்டுப்படுகிறது. ராமானுஜன் பார்த்தது ஏன் தீட்டா மாதிரி இருந்தது, ஏன் முழுசாக இல்லை என்பதற்கு 82 வருடம் கழித்துக் காரணம் கிடைத்தது.

இந்தக் கருவியை வைத்து 2013-ல் மைக்கேல் கிரிஃபின், கென் ஓனோ, லாரி ரோலன் மூவரும் கடிதத்தில் திறந்து கிடந்த கேள்வியை மூடினார்கள். தீட்டாவையும் உள்ளடக்கிய மாடுலர் வடிவங்கள் என்ற பெரிய வகையில் தேடினாலும், எல்லாப் புள்ளியிலும் வெடிப்பை அடக்கும் ஒரே சார்பு கிடையாது. ராமானுஜன் நம்பியது சரி.

இன்னொரு பாக்கியும் தீர்ந்தது. வெடிப்பு அடங்கிய பிறகு மிஞ்சுவது 'கட்டுக்குள் இருக்கும்' என்று ராமானுஜன் கடிதத்தில் எழுதினார், ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு என்று பொதுவாக எழுதவில்லை. அமாண்டா ஃபோல்சம், ஓனோ, ராபர்ட் ரோட்ஸ் மூவரும் அதற்குச் சூத்திரம் கண்டுபிடித்து அதே 2013-ல் வெளியிட்டார்கள். சுற்று எண் 2k என்றால், மிஞ்சும் தொகையில் k உறுப்புகள்தான்:

-4 × [ζ + (1+ζ)²ζ² + (1+ζ)²(1+ζ²)²ζ³ + ...]

ζ என்பது நாம் நெருங்கும் படிமூலம். முடிவில்லாத தொடர்கள் இரண்டு மோதி, மிஞ்சுவது எண்ணி முடிக்கக்கூடிய சில உறுப்புகள். ζ = -1 என்றால் k = 1, ஒரே உறுப்பு: -4 × (-1) = 4. மேலே நாம் 2.90, 3.68 என்று ஏறிக்கொண்டே போனோமே, அது போய்ச் சேரும் இடம் இந்த 4. ζ = i என்றால் k = 2, இரண்டு உறுப்பு: (1+i)² = 2i, அதை i²-ஆல் பெருக்கினால் -2i, முதல் உறுப்பு i-யோடு கூட்டினால் -i, அதை -4-ஆல் பெருக்கினால் 4i.

சூத்திரத்தைத் திரும்பப் பாருங்கள். அதில் இருப்பது வட்டத்தின் மேல் நடக்கும் ஒரு எண்ணின் அடுக்குகள் மட்டும்தான். 60 டிகிரி புள்ளிக்கு k = 3, மூன்றே உறுப்பு. ζ³ = -1 என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு +2 மாணவர் யாரும் கையால் போட்டுவிடலாம். விடை வந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.